பஸ் தாமதமும் ஆட்டோ செலவும்: அடர்த்திச் சார்பை வைத்துத் தொகையீடு அமைப்பது எப்படி

பகடை, சீட்டுக்கட்டு, பைக்குள் கறுப்பு வெள்ளைப் பந்துகள் இருக்கும் வரை நிகழ்தகவு ஒரு வம்பும் இல்லாமல் போகும். எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணலாம், கூட்டலாம். அப்புறம் ஒரு அத்தியாயத்தில் கூட்டல் குறி இருந்த இடத்தில் ∫ வந்து உட்கார்ந்துகொள்ளும், கூடவே f(x) என்று ஒன்று வரும், அங்கேதான் நிறைய பேருக்குப் பிடி விட்டுப்போகிறது. தொகையிடத் தெரியாமல் இல்லை. வருகிற தொகையீடுகள் பெரும்பாலும் ப்ளஸ் டூ அளவுக்குள் அடங்கிவிடும். எதைத் தொகையிடுவது, எங்கிருந்து எதுவரை தொகையிடுவது என்று அமைக்கிற இடத்தில்தான் சறுக்குகிறது. அதனால் ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு அதையே கடைசிவரை இழுத்துப் போகிறேன். எண்கள் எல்லாம் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை.

கணக்கு இதுதான். கிராமத்திலிருந்து வரும் டவுன் பஸ் காலை 7:00 மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு வர வேண்டும். வருவதில்லை. அதிகபட்சம் 20 நிமிடம் தாமதமாகும், ஆனால் சின்னத் தாமதங்கள்தான் அதிகம், தாமதம் கூடக்கூட அப்படிப்பட்ட நாட்கள் சீராகக் குறைந்துகொண்டே போகின்றன. பேருந்து நிலையத்து வாசலில் கம்பெனி வேன் நிற்கும். டிரைவர் 7:05 வரை கண்டிப்பாக நிற்பார், 7:15க்கு மேல் ஒருநாளும் நிற்க மாட்டார், நடுவில் எப்போது கிளம்புவார் என்பது அவர் மனநிலையைப் பொறுத்தது. வேனை விட்டால் ஆட்டோவுக்கு 240 ரூபாய். சரி, ஒரு நாளைக்கு வேனை விடுவதற்கான நிகழ்தகவு என்ன, சராசரியாக ஆட்டோவுக்கு எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

முதலில் அடர்த்தி

தாமதத்தை T என்போம், நிமிடத்தில். "சீராகக் குறைகிறது, 20இல் பூச்சியம்" என்பதைப் படமாகப் போட்டால் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தரையைத் தொடும் ஒரு முக்கோணம். சார்பாக எழுதினால் k(20 - t), t பூச்சியத்திலிருந்து 20 வரை, அதற்கு வெளியே பூச்சியம். k என்ன என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை, ஏனென்றால் பஸ் ஏதோ ஒரு தாமதத்தோடு வந்தே ஆக வேண்டும். எல்லாத் தாமதங்களின் நிகழ்தகவும் சேர்ந்தால் 1. இந்த ஒரு நிபந்தனையே k-ஐப் பிடித்துக் கொடுத்துவிடும்.

```
∫[0,20] k(20 - t) dt = k(400 - 200) = 200k = 1
k = 1/200
f(t) = (20 - t)/200,   0 ≤ t ≤ 20
```

([0,20] என்பது கீழ் எல்லை 0, மேல் எல்லை 20. கீழே எல்லா இடத்திலும் இப்படியே எழுதுகிறேன்.)

இங்கே நிதானமாக ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாத் தப்புக்கும் விதை இங்கேதான் விழுகிறது. f(8) = 12/200 = 0.06. "எட்டு நிமிடம் தாமதமாவதற்கான நிகழ்தகவு 0.06" என்று இதைப் படித்தால் தவறு. துல்லியமாக எட்டே நிமிடம், ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு கூடக் கூடாமல் குறையாமல் தாமதமாவதற்கான நிகழ்தகவு பூச்சியம். 0.06 என்பது "ஒரு நிமிடத்துக்கு இவ்வளவு" என்ற வீதம், கிலோ என்ன விலை என்று சொல்வது போல. கிலோ விலையை மட்டும் வைத்து யாரும் பில் போடுவதில்லை, எத்தனை கிலோ என்று கேட்டுப் பெருக்குவார்கள். இங்கேயும் அப்படித்தான், அகலம் வேண்டும். 8 நிமிடத்திலிருந்து 8.1 நிமிடம் வரைக்குமான துண்டை எடுத்தால் அதன் நிகழ்தகவு ஏறக்குறைய 0.06 × 0.1 = 0.006, அதாவது ஆயிரம் காலைகளில் ஆறு. f(t) dt என்று எழுதுவது இந்தப் பெருக்கலைத்தான். dt என்பது தொகையீட்டின் கடைசியில் சம்பிரதாயத்துக்குப் போடும் வால் அல்ல, அந்தத் துண்டின் அகலம்.

நேரத்தை மணியில் அளந்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். தாமதம் பூச்சியத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு மணி வரை. f(0) நிமிடக் கணக்கில் 0.1, மணிக் கணக்கில் 6. அடர்த்தி 1ஐத் தாண்டலாமா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். தாராளமாகத் தாண்டலாம். பரப்புதான் 1ஐத் தாண்டக் கூடாது, உயரம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம்.

எதிர்பார்ப்பு மதிப்பு

பகடையில் என்ன செய்தோம்? ஒவ்வொரு மதிப்பையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினோம். அதையே செய்கிறோம். மதிப்பு t, அந்தத் துண்டின் நிகழ்தகவு f(t) dt, பெருக்கினால் t f(t) dt, எல்லாத் துண்டுகளையும் கூட்டுவதற்கு ∫.

```
E(T) = ∫[0,20] t (20 - t)/200 dt
     = (1/200)(4000 - 8000/3)
     = 20/3 ≈ 6.67
```

6 நிமிடம் 40 நொடி. நம்பலாமா என்று இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்று வெறும் கண்ணாலேயே: பாரம் இடப்பக்கம் அதிகம், அதனால் விடை நடுப்புள்ளியான 10ஐ விடக் குறைவாக வர வேண்டும், வந்திருக்கிறது. 10க்கு மேல் வந்திருந்தால் எங்கோ குறி மாறியிருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, T பூச்சியத்துக்குக் கீழே போகாத மாறி என்பதால் "t-ஐத் தாண்டும் நிகழ்தகவு" என்பதைத் தொகையிட்டாலும் அதே சராசரி வர வேண்டும். இந்த முக்கோணத்தில் P(T > t) = (20 - t)²/400 (t-க்கு வலப்பக்கம் மிச்சமிருக்கும் சின்ன முக்கோணத்தின் பரப்பு, அவ்வளவுதான்). அதை 0 முதல் 20 வரை தொகையிட்டால் 8000/1200, மறுபடியும் 20/3. இந்த P(T > t)-ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்.

சராசரியும் இடைநிலையும் ஒன்றல்ல என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். பாதி நாட்கள் எதற்குக் கீழே என்று கேட்டால் (20 - t)² = 200, t சுமார் 5.86 நிமிடம். நீண்ட தாமதங்கள் சராசரியைத் தங்கள் பக்கம் கொஞ்சம் இழுத்துவிடுகின்றன.

மொத்த நிகழ்தகவு

வேனை விடுவதை A என்போம். பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று தெரிந்துவிட்டால் A-க்கான நிகழ்தகவைச் சொல்வது சுலபம். டிரைவர் கிளம்பும் நேரம் 7:05க்கும் 7:15க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் சம வாய்ப்போடு இருக்கிறது என்று கொள்வோம், அவருக்குப் பஸ்ஸைப் பற்றி எந்தத் தகவலும் வருவதில்லை என்றும் கொள்வோம். அப்படியானால்:

```
P(A | T = t) = 0             t < 5
             = (t - 5)/10    5 ≤ t ≤ 15
             = 1             t > 15
```

8 நிமிடம் தாமதம் என்றால் 3/10. வேன் 7:05க்கும் 7:08க்கும் இடையில் கிளம்பிப் போயிருக்க வேண்டும், பத்தில் மூன்று பங்கு.

இப்போது மறுபடி அந்த 8 - 8.1 துண்டுக்கு வாருங்கள். ஆயிரம் காலைகளில் ஆறு அந்தத் துண்டில் விழுகின்றன, அதில் பத்தில் மூன்று பங்கில் வேன் போய்விடுகிறது, 0.006 × 0.3 = 0.0018. ஆக அந்தத் துண்டிலிருந்து மட்டும் மொத்தக் கணக்குக்கு வரும் பங்கு 0.0018. இதே மாதிரி எல்லாத் துண்டிலிருந்தும் வசூலித்துக் கூட்டினால் வேனை விடும் மொத்த நிகழ்தகவு.

```
P(A) = ∫[0,20] P(A | T = t) f(t) dt
```

பிரித்துக் கூட்டும் பழைய மொத்த நிகழ்தகவுத் தேற்றத்திலிருந்து இது எந்த விதத்திலும் வேறல்ல. அங்கே மூன்று பை, நான்கு பை இருக்கும். இங்கே பைகள் எண்ண முடியாத அளவுக்கு மெல்லியதாகிவிட்டன. T = t என்பதற்கே நிகழ்தகவு பூச்சியமாயிற்றே, அதை எப்படி நிபந்தனையாக வைப்பது என்று உறுத்தினால் அது நியாயமான உறுத்தல்தான். T என்பது t-ஐ ஒட்டிய மெல்லிய துண்டில் இருக்கிறது என்று வைத்து, துண்டைச் சுருக்கிக்கொண்டே போனால் கிடைக்கும் எல்லை மதிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்குக்கு அது போதும்.

சார்பு மூன்று துண்டாக இருப்பதால் தொகையீடும் மூன்றாக உடைய வேண்டும். முதல் துண்டு பூச்சியம். நடுத்துண்டில் u = t - 5 என்று பிரதியிட்டால் u பூச்சியத்திலிருந்து 10 வரை ஓடும், 20 - t என்பது 15 - u ஆகும்.

```
∫[5,15] (t-5)/10 · (20-t)/200 dt
   = (1/2000) ∫[0,10] u(15 - u) du
   = (1/2000)(750 - 1000/3) = 5/24

∫[15,20] 1 · (20-t)/200 dt = 25/400 = 1/16

P(A) = 5/24 + 1/16 = 13/48 ≈ 0.271
```

நூற்றுக்கு 27 நாள், மாதத்தில் 26 வேலை நாள் என்றால் ஏழு நாள். விடை எந்த வரம்புக்குள் வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியும்: 15 நிமிடத்தைத் தாண்டினால் கண்டிப்பாகப் போச்சு, அதன் நிகழ்தகவு 0.0625; 5 நிமிடத்தைத் தாண்டினால்தான் ஆபத்தே ஆரம்பம், அதன் நிகழ்தகவு 225/400 = 0.5625. விடை இந்த இரண்டுக்கும் நடுவில் இல்லை என்றால் அமைப்பிலேயே பிழை.

தப்பு விடைகள் எப்படி வருகின்றன

இந்தக் கணக்கை யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள், 27ஐத் தவிர இரண்டு விடைகள் திரும்பத் திரும்ப வரும்.

ஒன்று 50 சதவீதம். P(A | T = t)-ஐ மட்டும் 0 முதல் 20 வரை தொகையிட்டால் 10 வரும், அதை 20ஆல் வகுத்தால் பாதி. f(t)-ஐ மறந்துவிட்டார்கள், அதாவது இரண்டு நிமிடத் தாமதமும் பத்தொன்பது நிமிடத் தாமதமும் சம அளவில் நடப்பதாக எடுத்துக்கொண்டார்கள். பஸ்காரர் மேல் அவ்வளவு கோபம் கூடாது.

இன்னொன்று 16.7 சதவீதம், அதாவது 1/6. இதுதான் விஷமம், ஏனென்றால் பார்ப்பதற்குப் புத்திசாலித்தனமாக இருக்கும். சராசரித் தாமதம் 6.67 நிமிடம், அதை (t - 5)/10 என்பதில் போட்டால் 1.67/10, முடிந்தது, தொகையீடே தேவையில்லை! மேலே சொன்ன வரம்புக்குள்ளும் கச்சிதமாக உட்காரும், அதனால் அந்தச் சோதனை இதைப் பிடிக்காது.

வேடிக்கை என்னவென்றால், தொகையீட்டை ஒழுங்காக எழுதி எல்லைகளை மட்டும் உடைக்காமல் விட்டாலும் இதே 1/6 தான் வரும். (t - 5)/10 · f(t) என்பதை 0 முதல் 20 வரை ஒரே ஓட்டமாகத் தொகையிட்டுப் பாருங்கள், E(T)/10 - 5/10 = 1/6. தற்செயல் இல்லை. நேர்கோட்டுச் சார்புக்கு மட்டும்தான் "சராசரியின் மதிப்பு"ம் "மதிப்பின் சராசரி"யும் ஒன்று, எல்லையை உடைக்காதபோது நாம் அந்தக் கோட்டை இரண்டு பக்கமும் நீட்டிவிடுகிறோம். நீட்டினால் என்ன ஆகிறது? தாமதம் 2 நிமிடம் என்றால் வேனை விடும் நிகழ்தகவு -0.3. 18 நிமிடம் என்றால் 1.3. அபத்தம். ஆனால் பஸ் சீக்கிரம் வந்த நாட்கள்தான் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் அந்த எதிர்மறை நிகழ்தகவுகள் மொத்தக் கணக்கிலிருந்து நிறையத் திருடிவிடுகின்றன, 27 என்பது 16.7 ஆகிறது. நிஜத்தில் சீக்கிரம் வந்த நாளின் லாபத்தைத் தாமதமான நாளுக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. 7:01க்கே போய் நின்றதற்காக நாளைக்கு வேன் கூடுதலாக நிற்கப் போவதில்லை.

ஆகவே ஒரு பழக்கம்: தொகையிட ஆரம்பிக்கும் முன் நிபந்தனைச் சார்பை எல்லையின் இரண்டு முனையிலும் போட்டுப் பாருங்கள். t = 0, t = 20. எதிர்மறை எண்ணோ 1ஐத் தாண்டிய எண்ணோ வந்தால் எங்கோ உடைக்க வேண்டியதை உடைக்கவில்லை. இதற்குப் பத்து நொடி ஆகும்.

அதே கணக்கு, இன்னொரு வாசல் வழியாக

எதை நிபந்தனையாக வைப்பது என்பது நம் விருப்பம். பஸ் தாமதத்துக்குப் பதிலாக வேன் கிளம்பும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். 7 மணிக்கு w நிமிடம் கழித்து வேன் கிளம்புகிறது என்றால் வேனை விடுவது என்பது T > w, அந்த நிகழ்தகவைத்தான் குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். w-இன் அடர்த்தி 5 முதல் 15 வரை 1/10.

```
P(A) = ∫[5,15] (20 - w)²/400 · 1/10 dw
     = (15³ - 5³)/12000 = 3250/12000 = 13/48
```

உடைக்க வேண்டிய அவசியமே இல்லை, ஒரே வரி. முன்னால் இரண்டு துண்டாகச் செய்ததே இங்கே இவ்வளவு சுருங்கிவிட்டது. எந்த மாறியை நிபந்தனையாக வைத்தால் மிச்சமிருக்கும் நிகழ்தகவு வழவழப்பான ஒரே சூத்திரமாக வருகிறதோ அதை வைப்பது நல்லது. எது என்று தெரியவில்லை என்றால் இரண்டையும் எழுதிப் பாருங்கள், விடை ஒத்துப்போனால் அதைவிட நல்ல சோதனை கிடையாது.

கையால் செய்ததை நம்ப மனம் வராதவர்களுக்குத் துண்டு போட்டுக் கூட்டும் நிரல்:

```python
n = 2000
dt = 20 / n
total = mean = miss = 0
for i in range(n):
    t = (i + 0.5) * dt
    f = (20 - t) / 200
    p = min(1, max(0, (t - 5) / 10))
    total += f * dt
    mean += t * f * dt
    miss += p * f * dt
print(round(total, 4), round(mean, 4), round(miss, 4))
```

1.0, 6.6667, 0.2708 என்று வரும். முதல் எண் 1 வரவில்லை என்றால் மற்ற இரண்டையும் பார்க்கவே வேண்டாம், அடர்த்தியே தப்பு. `min`, `max` இரண்டும் செய்வது நாம் எல்லையை உடைத்த அதே வேலையைத்தான். அவற்றை எடுத்துவிட்டு ஓட்டினால் கடைசி எண் 0.1667 ஆகிவிடும்.

எங்கே இது செல்லாது

இரண்டு இடத்தைச் சொல்கிறேன். டிரைவருக்குப் பஸ்ஸைப் பற்றித் தகவல் இல்லை என்று ஒரு வரி போட்டோமே, மொத்தக் கணக்கும் அதன் மேல்தான் நிற்கிறது. மழை நாளில் பஸ்ஸும் தாமதமாகும், டிரைவரும் இரக்கப்பட்டு இன்னும் கொஞ்சம் நிற்பார். அப்போது மொத்த நிகழ்தகவுத் தொகையீடு தப்பாகிவிடாது, அதற்குள் போட்ட P(A | T = t) தான் தப்பாகிவிடும்: t பெரிதாக இருக்கும் நாட்கள் பெரும்பாலும் மழை நாட்கள், அந்த நாட்களின் டிரைவரைத்தான் அங்கே வைக்க வேண்டும், எல்லா நாட்களின் சராசரி டிரைவரை அல்ல. இரண்டாவது வாசல் வழியாகப் போனாலும் இதே தொல்லைதான், P(T > w) என்று போட்ட இடத்தில் "வேன் w நிமிடம் நின்ற நாட்களில்" என்று திருத்த வேண்டியிருக்கும். அதனால் இரண்டு வழியிலும் ஒரே விடை வருகிறது என்பது இந்த அனுமானத்தைச் சோதிக்காது. கணக்குப் போட்ட கையை மட்டும்தான் சோதிக்கும்.

இன்னொன்று, தாமதத்துக்கு 20 நிமிடம் என்று வேலி இருந்ததால் எதிர்பார்ப்பு மதிப்பு இருக்குமா என்ற கேள்வியே எழவில்லை. வேலி இல்லாவிட்டால் எழும். f(t) = 1/(1 + t)², t பூச்சியத்திலிருந்து முடிவிலி வரை, பரப்பு ஒழுங்காக 1 தான். ஆனால் t f(t) என்பது தூரத்தில் 1/t போல நடந்துகொள்ளும், தொகையீடு முடிவில்லாமல் வளர்ந்துகொண்டே போகும், சராசரி என்று சொல்ல ஒரு எண் கிடையாது. மேல் எல்லை முடிவிலியாக இருந்தால் வால் எவ்வளவு வேகமாக மெலிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் E எழுத வேண்டும்.

ஆட்டோ கணக்கு

செலவு 240 அல்லது பூச்சியம், எதிர்பார்ப்பு 240 × 13/48 = 65 ரூபாய் ஒரு நாளைக்கு. 26 நாளுக்கு 1690. அந்த 1/6 ஆசாமி நாளைக்கு 40 என்று 1040 எடுத்து வைத்திருப்பார், மாதக் கடைசியில் கைமாற்று கேட்க வேண்டிவரும்.

ஆட்டோக்காரரிடம் இந்தப் பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் வேறு கதை சொல்வார். அவர் நம்மைப் பார்ப்பது வேனை விட்ட நாட்களில் மட்டும்தான், அவருடைய சராசரி

```
E(T | A) = ∫[0,20] t P(A | T = t) f(t) dt / P(A)
         = (10/3) / (13/48) = 160/13 ≈ 12.3
```

(மேலே இருக்கும் தொகையீட்டை அதே 5, 15 எல்லைகளில் உடைத்து நீங்களே செய்து பாருங்கள், நடுத்துண்டு 55/24, கடைசித் துண்டு 25/24.) நமக்கு 6 நிமிடம் 40 நொடி தாமதமாகும் அதே பஸ், அவரைப் பொறுத்தவரை 12 நிமிடத்துக்கு மேல் தாமதமாக வரும் பஸ். அவர் சொல்வதும் பொய் இல்லை.